ஒரு வேலை, மூன்று விலை

ஃப்ரீலான்ஸ் வேலையை பேக்கேஜாக விற்பது என்றால், என்ன செய்து தரப்படும், எவ்வளவு, எத்தனை நாளில், என்ன விலைக்கு என்ற நான்கையும் வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே முடிவு செய்து எழுதி வைத்துவிடுவது. வழக்கமான நடைமுறை இதற்கு நேர் எதிரானது. முதலில் ஆள் வருவார், அவர் தேவையைச் சொல்வார், அதைக் கேட்டபின் ஒரு கொட்டேஷன் தயாராகும், பேரம் நடக்கும், பிறகே வேலை தொடங்கும். ஒவ்வொரு ஆர்டருக்கும் விற்பனையை முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கிறது. அதில் போகும் நேரத்துக்கு யாரும் பணம் தருவதில்லை.

திருப்பூரில் பனியன், டி-ஷர்ட் தயாரிப்பவர்களுக்குப் பொருள் படம் எடுத்துத் தரும் ஒரு புகைப்படக்காரரை எடுத்துக்கொள்ளலாம். ஆன்லைனில் விற்கவும், மொத்த வியாபாரிகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும் இந்தப் படங்கள் தேவைப்படுகின்றன. கீழே வரும் ரூபாய்க் கணக்கு கணக்குப் போடும் முறையைக் காட்டுவதற்கான எடுத்துக்காட்டு. ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் தொகை மாறும், முறை மாறாது.

அவருக்கு வரும் முதல் ஃபோனில் பெரும்பாலும் ஒரே கேள்விதான் இருக்கும்: “ஒரு போட்டோவுக்கு எவ்வளவுங்க?” இதற்கு நேர்மையான பதில் சொல்ல முடியாது. நாற்பது படம் என்றால் அது பத்து உடைக்கு நான்கு கோணமாக இருக்கலாம், நாற்பது உடைக்கு ஒரு கோணமாகவும் இருக்கலாம். இரண்டாவதில் நாற்பது உடையையும் பிரித்து, இஸ்திரி போட்டு, விரித்து, மறுபடி மடித்து வைக்க வேண்டும். படத்தின் எண்ணிக்கை ஒன்றுதான், உழைப்போ இரண்டு மடங்குக்கு அருகில் போய்விடும். ஆகவே பேக்கேஜ் போடுவதில் முதல் வேலை, விலையைத் தீர்மானிப்பது அல்ல. எதை எண்ணி விற்பது என்று கண்டுபிடிப்பது. எது கூடினால் நேரமும் கூடுகிறதோ அதைத்தான் எண்ண வேண்டும். இங்கே அது படம் அல்ல, உடை.

இதை ஊகித்துச் சொல்வதைவிட, கடைசியாக முடித்த பத்துப் பதினைந்து வேலைகளை எடுத்துப் பார்ப்பதே சரி. எதற்கு எத்தனை நிமிடம் போனது என்று ஒரு நோட்டில் எழுதினால் வேலை இரண்டாகப் பிரிவது தெரியும். ஒரு பகுதி, ஒவ்வொரு உடைக்கும் திரும்பத் திரும்ப வருவது. இஸ்திரி போட்டு விரிக்க 8 நிமிடம், எடுக்க 5 நிமிடம், நான்கு படங்களையும் பின்னணி வெட்டி நிறம் சரிசெய்ய 20 நிமிடம், கோப்புக்குப் பெயர் கொடுத்துச் சரிபார்க்க 3 நிமிடம் என்று வைத்தால், ஓர் உடைக்கு 36 நிமிடம். இன்னொரு பகுதி, உடை பத்தானாலும் ஐம்பதானாலும் ஒரு முறைதான் வருவது: சாம்பிளை எண்ணி வாங்குவது, விளக்குகளை அமைப்பது, கோப்புகளை அனுப்புவது, சாம்பிளைத் திருப்பிக் கொடுப்பது, பில் போடுவது. இதற்கு 3 மணி நேரம். எனவே பத்து உடைக்கு 9 மணி நேரம் ஆகும், இருபத்தைந்து உடைக்கு 18 மணி நேரம் ஆகும். சின்ன ஆர்டர்களில் உழைப்புக்கேற்ற காசு நிற்பதில்லை என்று பலரும் உணர்வதற்குக் காரணம், அந்த மாறாத 3 மணி நேரத்தை அவர்கள் விலையில் சேர்க்காமல் விட்டதே.

அடுத்து, ஒரு மணி நேரத்தின் விலை. மாதம் 60,000 ரூபாய் வீட்டுக்கு வேண்டும், அறை வாடகை, மின்சாரம், கேமரா தேய்மானம், மென்பொருள் எல்லாம் சேர்த்து 18,000 ரூபாய் செலவு என்றால், தொழில் 78,000 ரூபாய் ஈட்ட வேண்டும். மாதம் 25 நாள், நாளைக்கு 8 மணி என்று 200 மணி நேரம் கிடைக்கும். அதில் எல்லாமே காசாகும் வேலை அல்ல. ஃபோன், அலைச்சல், பழுது, வசூல் என்று பெரும் பங்கு போய்விடும். 120 மணி நேரம் நிற்கும் என்று கொண்டால் மணிக்கு 650 ரூபாய் வருகிறது. 200 மணியால் வகுத்து 390 ரூபாய் என்று கணக்குப் போடுகிறவர் மாதம் முழுக்க உழைத்தும் குறைவாகவே சம்பாதிப்பார், ஏன் என்றும் அவருக்குத் தெரியாது.

இந்த 650 ரூபாயை வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதில்லை. அது உள்கணக்கு. இதற்கு மேல், கறை படிந்த சாம்பிள், அளவு மாறி வந்த சாம்பிள், நடுவில் போன கரண்ட் போன்றவற்றுக்காக 15 சதவீதம் சேர்க்கலாம். பேக்கேஜ் விலையில் இது கட்டாயம். மணிக்கணக்கில் விற்கும்போது தாமதத்தின் சுமை வாடிக்கையாளர் தலையில் விழும். விலையை முன்கூட்டியே கட்டிவிட்டால் அது செய்பவர் தலைக்கு மாறுகிறது. லாபமும் அப்படியே அவருக்கு மாறுகிறது. ஒரு படத்துக்கு 5 நிமிடம் பிடித்த எடிட்டிங்கைப் பழக்கத்தால் 4 நிமிடமாக்கினால், நூறு படத்தில் மிச்சமாகும் 100 நிமிடமும் அவருடையதே.

இப்போது மூன்று படிகளை அமைக்கலாம். முதல் படி, பத்து உடை, உடைக்கு நான்கு படம், வெள்ளைப் பின்னணியில் விரித்து மேலிருந்து எடுத்தது. 9 மணி நேரத்துக்கு 5,850 ரூபாய், 15 சதவீதம் சேர்த்து 6,728. விலை 6,900 ரூபாய். இரண்டாம் படி, இருபத்தைந்து உடை, அதே நான்கு படத்தோடு ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு அட்டவணைப் படம். அட்டவணைக்கு 6 நிமிடம் வீதம் இரண்டரை மணி கூடி, மொத்தம் 20.5 மணி நேரம். விலை 15,500 ரூபாய். மூன்றாம் படியில் இரண்டாம் படி முழுவதும் இருக்கும், அதோடு இருபத்தைந்தில் பன்னிரண்டு உடைகளை மாடல் அணிந்து அரைநாள் படப்பிடிப்பும் இருக்கும், உடைக்கு மூன்று படம். இதற்குக் கூடுதலாக 11.5 மணி நேரம், மாடலுக்கும் ஒப்பனைக்கும் வெளியே கொடுக்கும் 9,000 ரூபாய். விலை 34,000 ரூபாய்.

படிகளுக்கிடையே வெறும் எண்ணிக்கை மட்டும் மாறினால் அது மொத்த விலைக் கழிவு, அவ்வளவுதான். ஒவ்வொரு படிக்கும் பின்னால் வேறொரு வியாபாரி நிற்க வேண்டும். புதிதாக ஒரு டிசைன் வரிசையை விட்டுப் பார்ப்பவருக்கு முதல் படி போதும். சீசனுக்கு முழு கேட்லாக் போடுபவருக்கு இரண்டாவது. ஆன்லைன் தளங்கள் முதல் படத்துக்குத் தனி விதி வைத்திருக்கின்றன. அமேசானில் பின்னணி தூய வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் சட்டகத்தில் 85 சதவீதத்தை நிரப்ப வேண்டும். பெரியவர்கள் உடைக்கு ஆள் அணிந்த படத்தையே கேட்கும் இடங்களும் உண்டு. அங்கே விற்பவருக்கு மூன்றாம் படி.

ஏன் மூன்று? ஒரே விலை வைத்தால் வாடிக்கையாளர் முன் இருக்கும் கேள்வி வாங்குவதா வேண்டாமா என்பதுதான். மூன்று வைத்தால் எதை வாங்குவது என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. நடுவில் இருப்பதற்குக் கிடைக்கும் ஈர்ப்பை இடமார் சைமன்சன், ஏமஸ் ட்வர்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்ட கட்டுரையில் கேமராக்களை வைத்தே காட்டினார்கள். சுமார் 170 டாலர், 240 டாலர் விலையுள்ள இரண்டு மினோல்டா கேமராக்களை ஒரு குழுவினர் முன் வைத்தபோது தேர்வு சரிபாதியாகப் பிரிந்தது. இன்னொரு குழுவுக்கு 470 டாலர் கேமரா ஒன்றையும் சேர்த்து வைத்தார்கள். இப்போது நடுவில் இருந்த 240 டாலர் கேமராவை 57 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள், மலிவானதை எடுத்தவர்கள் 22 சதவீதமாகக் குறைந்தார்கள். 2010-இல் எல்லா வேலையும் ஐந்து டாலர் என்று தொடங்கிய ஃபைவர் தளமும் பின்னாளில் விற்பவர்களுக்கு மூன்று அடுக்கு பேக்கேஜ் முறையைக் கொண்டுவந்தது. இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றே: தான் அதிகம் விற்க விரும்பும் வேலையை, தனக்கு வசதியாகவும் வாடிக்கையாளருக்கு நிறைவாகவும் இருக்கும் வேலையை, நடுப்படியில் வைக்க வேண்டும். யாரும் வாங்காத ஒன்றை அலங்காரத்துக்காக மேலே நிறுத்துவது நல்ல வழி அல்ல. ஒருவர் உண்மையிலேயே அதைக் கேட்டால் செய்து கொடுக்கும் திறன் இருக்க வேண்டும்.

விலைக்கு ஒரு நாள் போதும். எல்லைகளை எழுதத்தான் நாளாகும், பேக்கேஜின் உயிரும் அங்கேதான் இருக்கிறது. “பத்து உடை” என்று எழுதிவிட்டு வேலையில் இறங்கினால் முதல் வாரத்திலேயே தகராறு வரும். ஒரே டி-ஷர்ட் ஐந்து நிறத்தில் வந்தால் அது ஓர் உடையா, ஐந்தா? இஸ்திரி ஐந்து முறை, படம் ஐந்து முறை, எடிட்டிங்கும் ஐந்து முறை. ஆகவே ஒவ்வொரு நிறமும் தனி உடை என்று எழுத வேண்டும். மேல்சட்டையும் பேண்ட்டும் சேர்ந்த நைட் செட் ஒன்றா, இரண்டா? சேர்த்தே எடுத்தால் ஒன்று, தனித்தனியாகவும் படம் வேண்டும் என்றால் இரண்டு என்று வைக்கலாம். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை உடையின் ஓரம் கரைந்துபோகும், அதை வெட்டி எடுக்க நேரம் அதிகம் பிடிக்கும். அப்படிப்பட்டவை பத்தில் மூன்றுக்கு மேல் இருந்தால் கூடுதல் தொகை என்று முன்பே சொல்லிவிடலாம்.

நாள் கணக்கும் இப்படித்தான். “ஐந்து வேலை நாள்” என்றால் எந்த நாளிலிருந்து? ஆர்டர் சொன்ன நாளிலிருந்து என்று வாடிக்கையாளர் நினைப்பார். எட்டுச் சாம்பிள் திங்களன்று வரும், மீதி இரண்டு டையிங் முடிந்து வெள்ளியன்று வரும். அந்த இரண்டுக்காக விளக்குகளை மறுபடி அமைக்க வேண்டும், மாறாத 3 மணி நேரத்தில் பாதி மறுபடி செலவாகும். எல்லாச் சாம்பிளும், அட்வான்ஸும், நிரப்பிய படிவமும் வந்து சேர்ந்த மறுநாளிலிருந்து ஐந்து நாள் என்றும், சாம்பிள் ஒரே தவணையில் வர வேண்டும் என்றும் எழுதினால் இந்தச் சிக்கல் தீரும்.

மிகப் பெரிய ஓட்டை, திருத்தம். “திருப்தி ஆகும் வரை திருத்தித் தரப்படும்” என்று எழுதுவது நல்ல மனதோடு செய்யும் தவறு. படம் வந்த 7 நாளுக்குள் ஒரே பட்டியலாகச் சொல்லும் திருத்தம் ஒரு முறை இலவசம் என்பது போதுமானது. அதோடு, திருத்தம் எது என்றும் சொல்ல வேண்டும். தூசி, கோணல், நிற வேறுபாடு ஆகியவை திருத்தம். கழுத்துப் பகுதியை இன்னும் கிட்டத்தில் எடுத்திருக்கலாம் என்று பிறகு தோன்றினால் அது புதுப் படம், அதற்குத் தனி விலை. துணி வியாபாரத்தில் நிறத்தைப் பற்றிய சண்டைதான் அதிகம், ஏனென்றால் ஒவ்வொருவர் ஃபோன் திரையும் ஒவ்வொரு விதமாகக் காட்டும். எடுக்கும்போதே சாம்பல் நிற அட்டை ஒன்றை வைத்து முதல் படம் எடுத்து, அதைக் கொண்டு நிறத்தைச் சரிசெய்வது வழக்கம். சரியா தவறா என்பதை, அளவுதிருத்தம் செய்த ஒரே திரையில், உண்மையான துணியைப் பக்கத்தில் வைத்துத் தீர்மானிப்பது என்று எழுத்தில் இருந்தால் வாக்குவாதம் சுருங்கும். பளிச்சென்ற ஃப்ளோரசன்ட் நிறங்கள் எந்தத் திரையிலும் அப்படியே வராது. அதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவதே நேர்மை.

இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்க வேண்டும். மூன்று படி, விலை, உடை என்றால் என்ன, நாள் எப்போது தொடங்கும், எத்தனை திருத்தம், எதெல்லாம் இதில் இல்லை, கூடுதல் உடைக்கு எவ்வளவு. கூடுதல் உடையின் விலையில் ஒரு நுட்பம் இருக்கிறது. உள்கணக்குப்படி ஓர் உடைக்கு 36 நிமிடம், 15 சதவீதம் சேர்த்தால் சுமார் 450 ரூபாய். அதையே விலையாக வைத்தால், முதல் படியை வாங்கிப் பதினைந்து உடையைச் சேர்ப்பவருக்கு 13,650 ரூபாய்தான் ஆகும், இரண்டாம் படிக்கு அவர் வரவே மாட்டார். 550 ரூபாய் என்று வைத்தால் அதே இருபத்தைந்து உடை 15,150 ஆகிறது. இன்னும் 350 ரூபாய் போட்டால் இருபத்தைந்து அளவு அட்டவணையும் கிடைக்கும் என்று பார்த்ததும் அவரே இரண்டாம் படிக்கு மாறுவார்.

இப்போது விற்பனை நடக்கும் விதமே மாறுகிறது. ஃபோன் வந்தால் அந்த ஒரு பக்கம் வாட்ஸ்அப்பில் போகும். உடன் ஐந்து கேள்வி: என்ன உடை, எத்தனை, எத்தனை நிறம், எங்கே விற்கப் போகிறீர்கள், எப்போது வேண்டும். பதிலைப் பார்த்ததும் எந்தப் படி பொருந்தும் என்று ஒரு வரியில் சொல்லலாம். ஒப்புக்கொண்டால் பாதித் தொகை அட்வான்ஸ், தேதி உறுதி. முடிந்ததும் சிறிய அளவில், பெயர் பொறித்த மாதிரிப் படங்கள் போகும், மீதித் தொகை வந்தபின் முழு அளவுக் கோப்புகள். இந்த வரிசை எல்லோருக்கும் ஒன்றே என்பதால், உதவிக்கு இருக்கும் ஒரு பையனோ வீட்டில் ஒருவரோகூட அதை நடத்த முடியும். விற்பனை ஒரே ஆளின் பேச்சுத்திறமையை நம்பி இருப்பது அத்துடன் நிற்கிறது.

பேரம் நிற்காது. “கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்கண்ணா” என்று கேட்பது இங்கே உறவின் ஒரு பகுதி, அதைக் கோபித்துக்கொள்ளக் கூடாது. ஆனால் விலையை மட்டும் குறைத்தால் ஒரே பக்கத்தைப் பார்த்து வாங்கிய முந்தைய வாடிக்கையாளருக்கு அது அநியாயம், அடுத்த முறை அந்தப் பக்கத்தை யாரும் நம்பவும் மாட்டார்கள். குறைப்பதானால் வேலையோடு குறைக்க வேண்டும். “நாலு படத்துக்குப் பதிலா மூணு போதும்னா ஆயிரம் ரூபா குறைச்சுக்கலாம்” என்ற பதிலில் மறுப்பும் இல்லை, நஷ்டமும் இல்லை. பத்து உடையில் பத்துப் படம் குறைந்தால் 50 நிமிட எடிட்டிங்கும், எடுக்கும் நேரத்தில் கொஞ்சமும், கோப்புச் சரிபார்ப்பில் கொஞ்சமும் மிச்சம். ஏறத்தாழ அந்தத் தொகைக்கு அருகில் வருகிறது.

முதல் மூன்று மாதம் பேக்கேஜ் தவறாகத்தான் இருக்கும். தவறு எங்கே என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு வேலைக்கும் நினைத்த நேரத்தையும் ஆன நேரத்தையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி வர வேண்டும். ஐந்தில் மூன்று வேலை, நினைத்ததைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழுத்தால், உடனே விலையைக் கூட்டாமல், எந்த வரியில் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும். இஸ்திரியில் இழுத்தால், இஸ்திரி போட்டே சாம்பிள் அனுப்ப வேண்டும் என்ற ஒரு விதி போதும். பெரும்பாலான ஆர்டரில் கூடுதல் உடை சேர்கிறது என்றால் படிகளின் அளவு சந்தையின் அளவோடு பொருந்தவில்லை. பத்துக்குப் பதில் பதினான்கு என்று மாற்ற வேண்டியிருக்கும். எல்லோரும் முதல் படியையே எடுத்தால் அதில் தேவைக்கு மேல் தரப்படுகிறது, அல்லது நடுப்படியில் கூடுதலாக இருப்பது அவர்களுக்குப் பயன்படாத ஒன்று. யாருமே ஒரு கேள்வியும் கேட்காமல் பணம் அனுப்பினால் விலை குறைவு என்றே பெரும்பாலும் பொருள்.

எல்லா வேலையையும் இந்தச் சட்டத்துக்குள் அடக்க முடியாது. கடைசி இருபது வேலையில் ஆறேழாவது ஒன்றுபோல இல்லை என்றால் பேக்கேஜ் போட இன்னும் காலம் வரவில்லை. முழுப் பக்க விளம்பரத்துக்கான படப்பிடிப்பு, வெளிநாட்டு வாங்குபவர் தரும் தனி விதிமுறைப்படி எடுக்கும் ஏற்றுமதி கேட்லாக் போன்றவற்றில் வேலையின் அளவே பேசிப் பேசித்தான் உருவாகும். அவற்றுக்குப் பழைய கொட்டேஷன் முறையே ஏற்றது. அந்த ஒரு பக்கத்தின் அடியில், இவற்றுக்குத் தனியே பேசவும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

விலையும் நேரமும் நிலையாகிவிட்டதால் மாதத்தின் கொள்ளளவையும் எண்ணிவிடலாம். இருக்கும் 120 மணி நேரத்தில் மூன்றாம் படி இரண்டு என்றால் 64 மணி, இரண்டாம் படி இரண்டு என்றால் 41 மணி, முதல் படி ஒன்று 9 மணி, ஆக 114. அதற்கு மேல் வரும் ஆர்டருக்கு அடுத்த மாதத் தேதியைக் கொடுக்க வேண்டும். இந்த மாதத்தின் வரவு 1,05,900 ரூபாய். அதில் மாடல், ஒப்பனைக்கு 18,000 ரூபாய் வெளியே போகும். ஆனாலும் அந்தத் தொகை இவருடைய பில்லில்தான் இருக்கிறது என்பதால் ஆண்டு விற்றுமுதலில் அதுவும் சேரும். தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். பதிவு செய்தபின் இந்த வேலைக்கு 18 சதவீத வரி சேரும். விலைப் பக்கத்தில் வரி உட்பட என்றோ வரி தனி என்றோ தெளிவாக எழுதாமல் விட்டால், 15,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டவரிடம் 18,290 ரூபாய் பில்லைக் கொடுத்து விளக்க வேண்டிவரும்.